கொழும்பு என்று எழுதினால் யார்?

செவ்வாய்க்கிழமை மாலை ஐந்தரைக்கு எங்கள் கூட்டம். அப்போது ரொறன்ரோவில் காலை எட்டு மணி, மெல்பேர்ணில் இரவு பத்து. ரொறன்ரோவில் இருப்பவர் எங்கள் மனேஜர், கோப்பியோடு வருவார். மெல்பேர்ண் பெண்மணி பல் வைத்தியசாலைகளோடு பேசி வேலை கொண்டுவருபவர், கொட்டாவியோடு வருவார். நான் கொழும்பில், வெள்ளவத்தைக் கடற்கரைப் பக்கத்து மாடிவீட்டில் மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு, ரயில் வரும் சத்தம் கேட்டதும் மைக்கை அணைக்கத் தயாராக இருப்பேன். பல் வைத்தியசாலைகளுக்கு நோயாளிகள் நேரம் பதிந்துகொள்ளும் மென்பொருள்தான் எங்கள் பிழைப்பு.

கூட்டம் முடிந்து அரை மணித்தியாலத்துக்குள் யார் என்ன செய்ய வேண்டும் என்று ஒரு சுருக்கக் குறிப்பு எல்லோருக்கும் போக வேண்டும். அதை எழுதுவது நான். ஆரம்பத்தில் ஆட்களின் பெயர் போட்டு ஒரே பட்டியலாக எழுதினேன். "வெள்ளி ஐந்து மணி என்றால் யாருடைய வெள்ளி?" என்று மெல்பேர்ண் பெண்மணி ஒவ்வொரு கிழமையும் கேட்டார். அவருடைய வெள்ளி மாலையில் ரொறன்ரோ இன்னும் படுக்கையில் கிடக்கும். ஆகவே ஊர் ஊராகப் பிரித்தேன். மெல்பேர்ண், கொழும்பு, ரொறன்ரோ என்று மூன்று தலைப்பு. ஒவ்வொன்றின் கீழும் அந்த ஊருக்கான வேலைகள், அந்த ஊர் நேரத்தில் கெடு. அவரவர் தங்கள் ஊரை மட்டும் வாசித்தால் போதும். எல்லோரும் மெச்சினார்கள். எனக்கும் தலை கொஞ்சம் கனத்துத்தான் போனது.

அப்போது கொழும்பில் நான் மட்டும்தான். பிறகு, மென்பொருளைச் சோதித்துப் பிழை பிடிக்க, கொழும்பின் மறுகோடியில் கொட்டாஞ்சேனையில் வீட்டிலிருந்தே வேலை செய்யும் ஒருத்தியைச் சேர்த்தார்கள். ஆறு மாதத் தகுதிகாண் காலம். கூட்டத்தில் கமராவை அணைத்துவிட்டு இருப்பாள், கேட்டால் மட்டும் பேசுவாள். நான் குறிப்பில் கொழும்பு என்று எழுதுவதை மாற்றவில்லை. நாங்கள் இரண்டு பேரும் போனில் பேசி வேலையைப் பிரித்துக்கொள்வோம், பெயர் எதற்கு என்று இருந்துவிட்டேன்.

ஒரு புதன்கிழமை மாலை மனேஜர் தனியாக அழைத்தார். யாழ்ப்பாணத்தில் பிறந்து ரொறன்ரோவில் நரைத்தவர். மற்றவர்கள் இல்லாதபோது எங்கள் பேச்சு தமிழில்தான்.

"தங்கச்சி, மற்றப் பிள்ளைக்கு இந்த மாசத்தோட ஆறு மாசம் முடியுது. நிரந்தரமாக்கிறதோ விடுறதோ எண்டு மேலிடம் கேக்குது."

"இதிலை கேக்க என்ன அண்ணை இருக்கு?"

"அவையள் உம்மட குறிப்பைத்தான் பாக்கினம். அதிலை கொழும்பு வேலை எல்லாம் நீர்தானே செய்யிறீர். பிறகு ரெண்டாவது ஆள் என்னத்துக்கு எண்டு கேட்டா நான் என்னத்தைச் சொல்ல?"

எனக்குச் சட்டென்று ஞாபகம் வந்தது. போன மாதம் ஒரு பெரிய பிழை பிடிபட்டது. மெல்பேர்ண் நோயாளிகளுக்குக் காலை ஒன்பது மணிக்குப் போக வேண்டிய நினைவூட்டல் எஸ்எம்எஸ், ரொறன்ரோ நேரப்படி ஓடி, அங்கே இரவு பதினொரு மணிக்குப் போகவிருந்தது. யாருக்கும் போக முன்னரே சோதனையில் கண்டுபிடித்தவள் கொட்டாஞ்சேனைக்காரி. நான் எழுதியது, 'கொழும்பு கண்டுபிடித்தது.' மேலிடத்திலிருந்து 'கெட்டிக்காரக் கொழும்பு' என்று எனக்குப் பதில் வந்தது. அதற்கு நான் ஒரு பெருவிரலை உயர்த்தி அனுப்பினேன். அவ்வளவுதான். அந்தப் பெருவிரலை இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. கடைத் தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைத்திருக்கிறேன், அதுவும் புண்ணியம் எனக்கு வந்துசேரும்படி.

"அண்ணை, அதிலை பாதிக்கு மேலை அவள் செய்தது," என்றேன்.

"எனக்குச் சொல்லி என்ன? எழுத்திலை அனுப்பும். வாற செவ்வாய்க்கு முதல் வேணும்."

அவளிடம் இதைச் சொல்லவில்லை. சொன்னால் பயத்தில் கைகால் ஓடாது என்று எனக்கு நானே காரணம் சொன்னேன். உண்மையில் சொல்ல முகம் இல்லை. இரண்டு நாளாக, அவள் வந்த கிழமையிலிருந்து எழுதிய குறிப்புகளை எல்லாம் திறந்தேன். கொழும்பின் கீழ் இருந்த ஒவ்வொரு வேலையையும் எங்கள் வேலைப் பதிவில் தேடி, யார் முடித்தது என்று பார்த்துப் பெயர் போட்டேன். பாதிக்கு மேல் என்று நான் சொன்னதுகூடக் கஞ்சத்தனம். எனக்கு மிஞ்சியது குறிப்பு எழுதியதும், ஆட்களை நச்சரித்ததும்தான். மனேஜருக்கு அதை அனுப்பினேன். பிழை என்னுடையது என்றும் ஒரு வரி எழுதினேன். கடைசிக் குறிப்பையும் திருத்தி எல்லோருக்கும் மறுபடி அனுப்பினேன். அதில் கொழும்பு என்ற தலைப்பே இல்லை. வெள்ளவத்தை என்று ஒன்று, கொட்டாஞ்சேனை என்று ஒன்று, இரண்டிலும் ஆளின் பெயர்.

செவ்வாய்க் கூட்டத்தில் மெல்பேர்ண் பெண்மணி முதல் வேலையாகக் கேட்டார்: "கொட்டாஞ்சேனையில் எப்போது புதுக் கிளை திறந்தீர்கள்? அங்கே என்ன நேரம்?" அந்தப் பெயரை உச்சரிக்க அவர் பட்ட பாட்டில் கொட்டாஞ்சேனைக்காரியே மைக்கைத் திறந்து சிரித்துவிட்டாள். ஆறு மாதத்தில் அவள் சிரித்து நாங்கள் கேட்டது அன்றுதான்.

"அது வேறை டைம் சோன்தான்," என்று எங்கள் இருவருக்கும் தமிழில் சொன்னார் மனேஜர். "காலி வீதி டிரஃபிக்கிலை வெள்ளவத்தையிலிருந்து அங்கை போக ஒரு மணித்தியாலம்." பிறகு ஆங்கிலத்துக்கு மாறி, "ரொறன்ரோவின் கீழே எனக்கும் ஒரு வேலை எழுதுங்கள். கொட்டாஞ்சேனைக்கு நிரந்தர நியமனக் கடிதம். வெள்ளி மாலை ஐந்து மணி, என் வெள்ளி," என்றார். நான் எழுதினேன். அவ்வளவு சந்தோஷமாக வேறெந்த வரியையும் எழுதியதில்லை.

சனிக்கிழமை காலை அவள் அப்பாவோடு என் வீட்டுக்கு வந்தாள், கையில் கேக் பெட்டி. அப்பா மலையகத்தில் ஹட்டன் பக்கத்தவர், புறக்கோட்டையில் புடைவைக் கடையில் வேலை. தேநீர் கொடுத்துவிட்டு, நடந்ததை ஒளிக்காமல் சொல்லி, "என்ர பிழை, குறை நினையாதை," என்றேன்.

"எனக்குத் தெரியும் அக்கா," என்றாள் அவள். "அப்பா ஒவ்வொரு கிழமையும் குறிப்ப வாங்கிப் பாத்துட்டு கேப்பார், இதுல ஒன்ட பேர் எங்கன்னு. கொழும்புன்னு போட்டிருந்தா அது நான்தான்ப்பான்னு சொல்லுவேன்."

நான் புதுக் குறிப்பைப் போனில் திறந்து அவரிடம் நீட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, மெல்பேர்ணையும் வெள்ளவத்தையையும் தள்ளிவிட்டு, கொட்டாஞ்சேனையில் நின்றார். மகளின் பெயரை எழுத்துக்கூட்டி வாசித்தார். அதன் கீழே இருந்த வேலையையும் வாசித்தார். பிறகு மகளைப் பார்த்தார்.

"திங்கக்கெழம பதினொரு மணின்னு போட்டிருக்கு. முடிச்சிட்டியா?"

"இன்னும் இல்லப்பா."

"அப்போ இங்க ஒக்காந்து என்ன கதை? எழும்பு, வீட்டுக்குப் போவோம்."