நான் திருத்தியிருக்கக் கூடாத தாள்

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். அதைச் சொல்லி என்னை யாரும் மட்டம் தட்டிவிட முடியாது. ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியில் கூலியாளாக ஏறினேன். இன்று மல்லசமுத்திரத்தில் என் பெயர் எழுதிய வண்டிகள் வரிசையாக நிற்கின்றன. கதவில் பெயிண்டர் ஓர் எழுத்தைப் பிசகாக எழுதினால் ரோட்டுக்கு அந்தப் பக்கமிருந்தே பிடித்துவிடுவேன். வேலை ஓயும் நேரமெல்லாம் செய்தித்தாளை விளம்பரம் வரை படித்துப் பழகிய கண். மூன்றாவது வண்டி வாங்கியபோது மற்றவர்கள் மாதிரி மோதிரம் வாங்கிப் போட்டுக்கொள்ளவில்லை. பெரிய அகராதி ஒன்று வாங்கினேன். அது இன்றும் என் ஆபீஸ் மேசையில்தான் இருக்கிறது.

ஆகவே, கனடாவில் இருக்கும் என் மகள் அந்த வேலையை எனக்குக் கொடுத்ததில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. அவள் சனிக்கிழமைகளில் அங்குள்ள நம் ஊர்ப் பிள்ளைகளுக்குச் சம்பளமில்லாமல் தமிழ் சொல்லிக்கொடுக்கிறாள். எல்லாம் ஆறு ஏழு வயதுக் குஞ்சுகள். சொல்வதெழுதுதலுக்கும் எழுத்துப் பயிற்சிக்கும் தாள்களைக் கையாலேயே எழுதி, போட்டோ எடுத்து, நகல் போடுவதற்கு முன் எனக்கு அனுப்புவாள்.

"நானே எழுதி நானே பாத்தா எந்தத் தப்பும் கண்ணுக்குத் தெரிய மாட்டேங்குதுங்கப்பா" என்றாள். அது உண்மைதான்.

நான் போனில் பார்த்துத் திருத்துகிற ஆள் இல்லை. ஆபீஸ் மெஷினில் பெரிதாக நகல் எடுப்பேன். கடைசிச் சொல்லிலிருந்து முதல் சொல்லை நோக்கிப் படித்து வருவேன். முன்னாலிருந்து படித்தால் மனசு முந்திக்கொண்டு ஓடும். எழுதியிருப்பதைப் பார்க்காமல், இருக்க வேண்டியதைப் பார்த்துவிடும். தப்பான சொல்லைச் சிவப்பில் வட்டமிட்டுச் சரியானதைக் கீழே எழுதுவேன். மேலேயே அழுத்தி எழுதினால் எது தப்பு, எது திருத்தம் என்று தெரியாது. சந்தேகம் வந்தால் அகராதி. மெய்யெழுத்துக்குப் புள்ளி இல்லையென்றால் மட்டும் உடனே வட்டமிட மாட்டேன். அவள் வைக்க மறந்தாளா, போட்டோ தின்றுவிட்டதா என்று கேட்க வேண்டும். "வெளிச்சத்துல வெச்சு இன்னொருக்கா எடு சாமி" என்பேன். அதற்கென்று அவள் கூப்பிடுவாள்.

அந்தக் கூப்பிடலுக்காகத்தான் இத்தனையும். அதற்கு முன்பெல்லாம் என்னிடம் "சாப்டீங்களா, மாத்திரை போட்டீங்களா" என்று கேட்டுவிட்டு, "அம்மாகிட்டக் குடுங்க" என்பாள். தாள் வர ஆரம்பித்த பிறகு அம்மாவிடமே, "அப்பா இருக்காருங்களா?" என்று கேட்டாள். என் வீட்டில் என்னைத் தேடி ஒரு குரல். வெள்ளிக்கிழமை காலையில் கிணறு போடச் சொல்லி எத்தனை பெரிய பார்ட்டி வந்தாலும் உட்கார வைத்துவிட்டு, போனையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

ஒரு வெள்ளிக்கிழமை வந்த போட்டோவில் தாளின் மேல்பகுதி வெட்டுப்பட்டிருந்தது. படங்களும் பக்கத்தில் சொற்களும்தான் தெரிந்தன. கூடவே அவள் குரல்: "அவசரமுங்கப்பா. தப்பிருந்தா பாத்து அனுப்பிச்சிருங்க."

முயள். தக்காலி. கினறு. குதிறை. தன்னீர்.

அந்தக் குளிரில் கிடந்து என் பிள்ளைக்குத் தமிழ் மறந்துகொண்டிருக்கிறது என்று நினைத்தேன். தமிழ் போனால் அப்புறம் ஊர் போகும், நாங்கள் போவோம். அவளுக்கு வேலை மிச்சமாகட்டும் என்று ஒன்று விடாமல் திருத்தி, என் கையாலேயே புதுத் தாளில் படத்தோடு அழகாக எழுதி அனுப்பினேன். என்மேல் உள்ள நம்பிக்கையில் அவளும் தலைப்பை மட்டும் மேலே சேர்த்து, சொற்களைப் படித்துப் பார்க்காமல் நகல் போட்டு எடுத்துப் போயிருக்கிறாள்.

அடுத்த நாள் வகுப்பு முடிந்ததும் கூப்பிட்டாள். போனை ஸ்பீக்கரில் போட்டேன்.

"என்னங்கப்பா பண்ணி வெச்சிருக்கீங்க? அந்தத் தப்பெல்லாம் நாந்தான் வேணும்னே எழுதியிருந்தேன். தலைப்பே 'பிழையான சொற்களைக் கண்டுபிடித்து வட்டமிடு, சரியாக எழுது'ன்னுதான்!"

"போட்டோல தலைப்பைக் காணமே சாமி."

"கொழந்தைங்க முழிக்குதுங்க, ஒரு தப்பும் இல்ல. ஒரு பையன், டீச்சர் சொன்னா தப்பு இருக்கும்னு நெனச்சு எல்லாத்தையும் வட்டம் போட்டு, அத்தனையும் தப்பா மாத்தி எழுதியிருக்கான். நான் வெச்சது போக ரெண்டு மூணு தப்பு தானா வந்திருக்குமோன்னுதான் உங்களைப் பாக்கச் சொன்னேன்." பிறகு மெதுவாக, "இனிமே இங்கயே ஒரு டீச்சர்கிட்டக் காட்டிக்கறேனுங்கப்பா. உங்களுக்கு எதுக்குச் செரமம்" என்றாள்.

எத்தனையோ கிணறு தண்ணீரில்லாமல் வெறும் புழுதிப் புகையாகப் போயிருக்கிறது. அப்போதெல்லாம் அசராதவன் நான். இதற்கு அசந்துவிட்டேன். "செரமமா? எனக்கா? அந்தத் தாளை நானே தப்பாப் பண்ணித் தாரேன், இப்பவே" என்றேன்.

அடுப்படியிலிருந்து என் மனைவி, "ஏனுங்க, தப்புப் பண்றதுக்கு உங்களுக்குச் சொல்லியா குடுக்கோணும்?" என்றாள். போனுக்குள் மகள் சிரித்துவிட்டாள். அவள் அப்படிச் சிரித்து எவ்வளவு நாளாயிற்று!

"சரிங்கப்பா, சொல்லுங்க பாக்கலாம். ஆனா சின்னக் கொழந்தைங்க நெசமாலுமே எழுதற தப்பா இருக்கோணும்."

"பள்ளிக்குப் பல்லின்னு போடு."

"அது செவுத்துல ஓடற பல்லிங்கப்பா. அதும் சரியான சொல்லுதான். தப்பு வேற சொல்லாயிரக் கூடாது."

நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே அவள், "நான் ஒன்னாவது படிக்கறப்ப என்னென்ன தப்பு எழுதுவேன்? அதையே சொல்லுங்க" என்றாள்.

எனக்குத் தெரியவில்லை. அந்த வருடங்களில் ஆந்திரா, மத்தியப் பிரதேசம் என்று வண்டியோடு போய்விட்டு மழைக்காலத்துக்குத்தான் ஊர் வருவேன். அவள் சிலேட்டை நான் பார்த்ததே இல்லை. எந்த ஊரில் எத்தனை அடியில் பாறை என்று இன்றும் சொல்வேன்.

மனைவி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். "நான் சொல்றேன், எழுதிக்கங்க" என்றாள். "பம்பரத்துக்கு வல்லின 'ற' போடுவா, பம்பறம். தேங்காய்ல 'ய்'க்குப் புள்ளியே இருக்காது. அப்பறம் வண்டி. மூணுசுழி போட எம்பட புள்ளைக்குச் சோம்பேறித்தனம், ரெண்டோட நிறுத்திக்குவா. சிலேட்டுல ரிக்கு வரைஞ்சு கீழ 'வன்டி'ன்னு எழுதுவா. அழிக்கப் போனா அழுவா, அப்பா வந்து பாக்கட்டும்னு."

"நானாம்மா?" என்றாள் மகள்.

"பின்ன நானா?"

நான் ஒவ்வொன்றாக எழுதினேன். பம்பறம். தேங்காய. வன்டி. மகள் சொன்னபடி நடுநடுவே சரியான சொற்களையும் கலந்தேன். எல்லாமே தப்பாக இருந்தால் பிள்ளைகள் படிக்காமலே வட்டம் போடுமாம். இந்தத் தடவை தலைப்பையும் நானே எழுதினேன்.

அடுத்த வாரம் பிள்ளைகள் எழுதிய தாள்களின் போட்டோக்கள் வந்தன. "நீங்களே திருத்தி அனுப்புங்கப்பா" என்றிருந்தாள். அந்த டீச்சர் பேச்சே இல்லை.

கெட்டிக்காரப் பிள்ளைகள். ஒவ்வொரு தாளிலும் என் மகளின் தப்புகளைத் தேடித் தேடி வட்டமிட்டுச் சரியாக்கியிருந்தன. இப்போதுதான் என் கைக்கு வந்த அவள் சிலேட்டுத் தப்புகள், வந்த வேகத்திலேயே போய்க்கொண்டிருந்தன. கடைசித் தாளில் மட்டும் ஒரு குழந்தை மற்ற எல்லாவற்றையும் பிடித்துவிட்டு, வன்டியை அப்படியே விட்டிருந்தது.

சிவப்புப் பேனாவைத் திறந்தவன் மூடி வைத்துவிட்டேன். பார்ட்டி ஒருவர் வந்து, தோட்டத்தில் தண்ணீர் பாயின்ட் பார்க்க எப்போது வருகிறீர்கள் என்று கேட்டார். வருகிறேன், உட்காருங்கள் என்றேன். அந்தச் சொல்லைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அன்று சிலேட்டில் அதற்கு மேலே ஒரு ரிக் படம் இருந்திருக்கும், நான் பார்க்கவில்லை. யாரோ ஈரத்துணியால் துடைத்திருப்பார்கள்.

பிறகு வட்டமிட்டுக் கீழே வண்டி என்று எழுதினேன், மூன்று சுழியும் தெளிவாகத் தெரியும்படி.