தப்புக்குப் போட்ட மதிப்பெண்

திருப்பதியில் புதிதாகப் பணியில் சேர்ந்த உடற்கல்வி ஆசிரியர்களுக்குப் பயிற்சி வைத்தார்கள். மதிப்பீடு பற்றி ஒரு வகுப்பு எடுக்கச் சொல்லி என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். புத்தூர்ப் பக்கம் ஒரு உயர்நிலைப் பள்ளியில் நான் உடற்கல்வி ஆசிரியை. புதியவர்கள் என்றுதான் பெயர். தேர்வு அறிவிப்புக்காகக் காத்திருந்தே காதோரம் நரைத்தவர்கள் பாதிப் பேர்.

அவர்களை மண்டபத்தில் உட்கார வைக்காமல் மைதானத்துக்கு அழைத்துப் போனேன். கைப்பந்தில் கீழ்க்கை சர்வீஸ் போடத் தெரியாதவர் யாராவது வாருங்கள் என்று தெலுங்கில் கேட்டேன். ஒரு பெண் வந்தாள். கபடிக்காரி, கைப்பந்து அவ்வளவாகப் பழக்கமில்லை. குடிபாலா பக்கம் வேலை கிடைத்திருந்தது. அவள் அடித்த பந்து வலையைத் தொடாமலே விழுந்தது. சிலர் சிரித்தார்கள்.

"இதுக்கு எத்தனை மார்க் போடுவீங்க?" என்று மற்றவர்களைக் கேட்டேன். ஒன்று என்றார்கள், சுழி என்றார்கள்.

"எதுவும் போடக்கூடாது. இது எஃப்.ஏ., வளரறி மதிப்பீடு. என்ன தப்புன்னு மட்டும் பாருங்க."

பந்தைத் தலைக்கு மேலே தூக்கிப் போட்டுவிட்டு அடிக்கிறாள் என்று ஒருவர் கண்டுபிடித்தார். இடுப்பு உயரத்தில் பந்தைப் பிடி, கை வீசும் நேரத்தில் விடு என்று அந்த ஒன்றை மட்டும் அவளிடம் சொல்லச் சொன்னேன். ஒரே நேரத்தில் நான்கு தப்பைச் சொன்னால் பிள்ளைக்கு ஒன்றும் நிற்காது. பிறகு சர்வீஸ் கோட்டிலிருந்து முன்னால் வந்து, வலைக்குப் பக்கத்தில் நின்று அடிக்கச் சொன்னேன். வலையைத் தாண்டத் தாண்ட ஒவ்வொரு அடியாகப் பின்னால் தள்ளினோம். அதன் பிறகு இருவர் இருவராகப் பிரித்து, ஒருவர் அடிக்க மற்றவர் முன்கால் எது, கை எங்கே போகிறது என்று பார்த்துச் சொன்னார்கள்.

எஸ்.ஏ. என்கிற தொகுத்தறி மதிப்பீடு பாடம் முடிந்த பிறகு வருவது. கோட்டுக்குப் பின்னால் நின்று பத்து சர்வீஸ், அதன் பிறகு ஒரு சின்ன ஆட்டம். எதைப் பார்க்கப் போகிறோம் என்பது பிள்ளைகளுக்கு முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். மதிப்பெண் அதற்கு. கற்றுக்கொள்ளும்போது எழுதி வைத்த குறிப்புகள், அடுத்த வகுப்பில் யாருக்கு என்ன சொல்லிக் கொடுப்பது என்று நாம் முடிவு செய்ய. அவற்றைக் கூட்டி வகுத்து மதிப்பெண்ணாக்கக் கூடாது. இதை இரண்டு முறை சொன்னேன்.

கடைசியில் மேலிடத்து ஆள் ஒருவர் வந்து பேசினார். மேடம் சொன்னது நல்ல விஷயம், ஆனால் மாதக் கடைசியில் மதிப்பெண்களை ஆன்லைனில் ஏற்ற மறக்காதீர்கள் என்றார். எல்லோரும் எழுதிக்கொண்டது அதைத்தான்.

குடிபாலாக்காரி மட்டும் பேருந்து நிலையம் வரை என்னோடு வந்தாள். இருவருக்கும் வீட்டில் தமிழ். "அக்கா, நான் இப்டியே செஞ்சி பாக்கறேன். உங்களுக்கு வீடியோ அனுப்பறேன்" என்றாள்.

சொன்னபடி அனுப்பினாள். ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி அந்த வீடியோக்களில் அடிக்கடி வந்தாள். ஒல்லி, பந்தைக் கண்டால் கண்ணை மூடிக்கொள்வாள். முதலில் பந்து அவள் காலடியிலேயே விழுந்தது. கண்ணைத் திற என்பதுதான் அவளுக்கு முதலில் சொன்ன ஒரே திருத்தம். பிறகு முன்கால். பிறகு உள்ளங்கையின் அடிப்பகுதியால் அடிப்பது. பாடம் முடிகிற நேரத்தில், அந்தப் பள்ளியில் அவளைப்போல் குறி பார்த்து சர்வீஸ் போட ஆளில்லை. கடைசித் தேர்வின் வீடியோவில் பந்துகள் ஒன்றன்பின் ஒன்றாக எதிர்ப்பக்கத்து மூலையில் விழுந்தன. வீட்டில் தனியாக உட்கார்ந்து அதைப் பார்த்துக் கைதட்டினேன்.

ஒரு வாரம் கழித்து குடிபாலா ஆசிரியை போன் செய்தாள். தலைமை ஆசிரியர் ஆன்லைனில் இருக்கும் எஃப்.ஏ. கட்டங்களுக்கு மதிப்பெண் கேட்டிருக்கிறார். இவள் ஊரில் இல்லாத நாளில், மேசையிலிருந்த குறிப்புகளைப் பார்த்து அவரே எண்ணாக மாற்றி ஏற்றிவிட்டார். பந்து காலடியில் விழுந்த நாளுக்கு ஒன்று. கண்ணை மூடிய நாளுக்கு ஒன்று. எல்லாம் சேர்ந்து அந்தப் பெண்ணுக்கு சி கிரேடு வந்தது. முன்பே வேறு பள்ளியில் ஆடிப் பழகி, இங்கே வந்து புதிதாக எதையும் கற்காத ஒருத்திக்கு ஏ. மண்டலப் போட்டிக்கு ஏ கிரேடு பிள்ளைகளைத்தான் அனுப்புவேன், இல்லையென்றால் பெற்றோர் கேள்வி கேட்பார்கள் என்று அவர் சொல்லிவிட்டாராம்.

சித்தூரில் ஒரு வேலையை முடித்துக்கொண்டு அங்கிருந்தே குடிபாலாவுக்குப் பேருந்து ஏறினேன். தலைமை ஆசிரியர் மரியாதையாகத்தான் பேசினார். காபி வரவழைத்தார்.

"சார், லைசென்ஸ் கொடுக்கறதுக்கு முன்னாடி வண்டி ஓட்டிக் காட்டச் சொல்றாங்க. கத்துக்கிற காலத்துல எத்தனை முறை வண்டி ஆஃப் ஆச்சின்னு கணக்கெடுத்துக் கழிக்கறாங்களா?" என்று கேட்டேன்.

அவர் சிரித்தார். "நீங்க சொல்றது நியாயம் மேடம். ஆனா ஆன்லைன்ல கட்டம் இருக்குது. காலியா விட்டா ஏறாது."

"காலியா விட வேணாம். அந்தக் கட்டத்துக்குன்னு ஒரு நாள் பாருங்க. அன்னிக்குப் புள்ள எங்க வந்து நிக்கறாளோ அதைப் போடுங்க. கத்துக்க ஆரம்பிச்ச நாளோட குறிப்ப ஏன் போடறீங்க?"

"அடுத்த முறை பாக்கலாம். இப்ப லாக் ஆயிடுச்சி."

"போட்டிக்காவது அவள அனுப்புங்க."

"சி கிரேடு புள்ளய அனுப்பிட்டு நாளைக்கு யார் பதில் சொல்றது?" என்றார். காபி ஆறுகிறது, குடியுங்கள் என்றும் சொன்னார். குடிக்கவில்லை.

வெளியே வந்தபோது ஆசிரியை அந்த ஒல்லிப்பெண்ணைக் கூப்பிட்டு என் முன்னால் நிறுத்தினாள். நன்றாக அடித்தாய், வீடியோ பார்த்தேன் என்றேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. ஆசிரியையைப் பார்த்து, "கத்துக்கினு இருக்கறப்ப தப்பு பண்ணா மார்க் போவாதுன்னு சொன்னீங்களே டீச்சர்" என்றாள். குரலில் கோபம்கூட இல்லை. சொல்லிவிட்டு வகுப்புக்குப் போய்விட்டாள்.

ஆசிரியை சேலை முனையை விரலில் சுற்றிக்கொண்டே நின்றாள். "நீங்க சொன்னத நான் அவகிட்ட சொன்னேன்கா. அவ நம்பிட்டா."

மண்டலப் போட்டிக்கு ஏ கிரேடுக்காரி போனாள். அவள் போன அணி முதல் சுற்றிலேயே தோற்று வந்தது. அதைக் கேட்டு ஒரு நொடி எனக்குள் மகிழ்ச்சி வந்தது. தோற்றவர்களும் பிள்ளைகள்தானே என்று உடனே கசந்தது.

அடுத்த பாடம் குண்டு எறிதல். ஆசிரியை பார்த்துக்கொண்டிருக்கும்போது ஒல்லிப்பெண் வட்டத்துக்குள் வருவதில்லையாம். வரிசையில் தன் முறை வந்ததும் பின்னால் போய் நிற்கிறாள். மற்றவர்களும் அதைக் கற்றுக்கொண்டார்கள். கழுத்தோடு குண்டை ஒட்டி வைக்கத் தெரியாதவர்கள் அதைக் காட்டிக்கொள்வதே இல்லை. தப்பைப் பார்க்காமல் எதைத் திருத்துவது? குறிப்பு எழுதப் பேனாவை எடுத்தாலே மைதானம் அடங்கிவிடுகிறது என்று ஆசிரியை போனில் சொன்னாள்.

"அப்புறம் என்ன செய்யறே?" என்று கேட்டேன்.

"எஃப்.ஏ.வுக்கு எல்லாருக்கும் ஏ போட்டுட்டேன்கா. யாரு என்ன பண்றாங்கன்னு இப்ப நான் பாக்கறதில்ல. எச்.எம். சாரு ரொம்ப சந்தோஷமா இருக்காரு."

அவளைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. அடுத்துப் பணியில் சேர்ந்தவர்களுக்கு வகுப்பெடுக்கத் திருப்பதியிலிருந்து மறுபடி கேட்டிருக்கிறார்கள். இந்த முறை மைதானம் கிடையாதாம், மண்டபத்தில் திரை போட்டு, கட்டங்களை எப்படி நிரப்புவது என்று காட்டினால் போதுமாம். வரமுடியாது என்று சொன்னேன். பரவாயில்லை மேடம், வேறு ஆள் இருக்கிறார் என்று போனை வைத்தார்கள்.