முழுக் கூடையாக வந்த மாத்திரை

நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குச் சலாம் போட்டவன். குளச்சலில் முப்பது வருஷம் மீன் ஏலம் கூவி, மாடி வீடு கட்டினேன். கூடையை ஒரு பார்வை பார்த்தால் போதும், எடை சொல்லிவிடுவேன். வாங்க வருகிறவன் நல்ல மீனை மட்டும் பொறுக்கக் கை நீட்டினால், அந்தக் கையில் ஓங்கி ஒரு அடி. "எடுத்தா முழுக் கூடைலே!"

நெஞ்சடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்து இரண்டு வருஷம். தினமும் நான்கு மாத்திரை: ரத்தம் உறையாதிருக்க ஒன்று, கொழுப்புக்கு ஒன்று, பிரஷருக்கு இரண்டு. மாதாமாதம் மருந்துக்கடையில் என் தொழில் புத்தி வேலை செய்தது. நான்கில் கொழுப்பு மாத்திரைதான் விலை அதிகம். தின்றாலும் ஒன்றும் தெரியவில்லை, தின்னாவிட்டாலும் ஒன்றும் தெரியவில்லை. அதை வாங்காமல் விட்டேன். பிரஷர் மாத்திரையில் ஒன்றுக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் லீவு கொடுத்தேன். எவ்வளவு பெரிய அறிவாளி!

நாகர்கோவிலில் டாக்டரம்மா கேட்டார்: "மருந்தெல்லாம் ஒழுங்கா எடுக்குதீங்களா?"

"கடிகாரம் தோத்துப்போவும் டாக்டரே."

"பின்ன ரத்தத்துல கொழுப்பு ஏன் இப்படி ஏறிக் கிடக்கு?"

பக்கத்தில் இருந்த என் மனைவி முந்திக்கொண்டாள். "இவருக்குக் கொழுப்பு நாக்குல மட்டுந்தான்னு நெனச்சேன். ரத்தத்துலயும் உண்டா?"

உண்மையைக் கக்கினேன். டாக்டர் சிரிக்கவில்லை. "இப்படியே விட்டா திரும்பவும் அடைக்கும். அடுத்த தடவை இங்க வந்துசேர நேரம் கிடைக்கும்னு சொல்ல முடியாது."

பிறகு ஒரு கேப்ஸ்யூலைக் காட்டினார். "நாலும் இதுக்குள்ள இருக்கு. எல்லாருக்கும் இந்த அளவு சரிவராது. உங்களுக்கு வேண்டிய அளவு அப்படியே அமைஞ்சிருக்கு. நாலையும் தனித்தனியா வாங்குறதவிட விலையும் கம்மி."

எனக்கு மனசு ஒப்பவில்லை. "கலப்புக் கூடையா? ஏலத்துல அதுக்கு வெலையே கெடையாது டாக்டரே. நல்ல மீனுன்னா தனியால்லா வைப்பான்?"

"ஒங்களுக்கு நெய்மீன் மாதிரி நாலு மாத்திரை தனித்தனியா வச்சாங்களே," என்றாள் மனைவி. "முழுசாத் தின்னீங்களா?"

அன்று இரவுச் சாப்பாடு முடிந்ததும் கேப்ஸ்யூலைக் கையில் எடுத்தேன். சும்மா திறந்து பார்ப்போம், உள்ளே எது எதுவென்று தெரிந்தால்... விரல் வைத்ததுதான் தாமதம், புறங்கையில் பொளேர் என்று விழுந்தது அடி.

"எடுத்தா முழுக் கூடை!" என்றாள்.

என் ஏலக் குரல் அப்படியே அவள் வாயில். விழுங்கினேன். அதன்பிறகு பொறுக்குவதற்கு வழியே இல்லை. ஒன்றை விட வேண்டுமென்றால் நான்கையும் விட வேண்டும். அவ்வளவு தைரியம் எனக்கு இல்லை.

மூன்று மாதம் கழித்து எடுத்த ரத்தப் பரிசோதனையில் கொழுப்பு நன்றாக இறங்கியிருந்தது.

"ஒரு நாளும் விடலையா?" என்றார் டாக்டர்.

"விடல்லே."

மனைவி ஆமென்று தலையாட்டினாள். நான் சொன்னதை அவள் மறுக்காமல் விட்டது, கல்யாணம் கட்டியதிலிருந்து அதுதான் முதல் தடவை.