தண்ணீர் குடித்த குழி

எங்கள் ஜவ்வாது மலையில் பாறை உதிரும், பொடியும், வெயிலில் தோல் உரியும். மழையில் கரைந்து ஓட்டை விழாது. ஜமுனாமரத்தூரில் என் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் அகலமான பாறையின் மேல்தான் வருடா வருடம் புளி உலர்த்துகிறோம். பாறைக்கு ஒன்றும் ஆனதில்லை. அந்தப் பழக்கத்தில்தான், கடப்பா பக்கம் வேலைக்குப் போன முதல் வாரமே ஓர் அக்காவின் சமையல் மேடையைக் கெடுத்தேன்.

மூன்று வருடங்களுக்கு முன் நடந்தது. அங்கே கிணறுகளின் நீர்மட்டம் அளக்கும் ஒப்பந்த வேலை எனக்கு. காலையில் ஒரு சுற்று, மாலையில் ஒரு சுற்று, கிணற்றுக்குள் நாடாவை விட்டு அளந்து நோட்டில் எழுத வேண்டும். கூட வந்தவர் எங்கள் மலைக்காரர்; ஆழ்துளை போடும் வண்டியில் டிரில்லர். இரண்டு பேரும் சாப்பிட்டதும் தங்கியதும் ஒரே மெஸ்ஸில். அதை நடத்தியவர்கள் எங்கள் மலையடிவாரத்துக் கலசப்பாக்கத்திலிருந்து இருபது வருடத்துக்கு முன் அங்கே போன கணவன் மனைவி. நாங்கள் அவர்களை அக்கா, மாமா என்றோம். சுற்றிலும் கடப்பா கல் வெட்டும் குவாரிகள். பேச்சு தெலுங்கு. அந்த மெஸ்ஸுக்குள் மட்டும் கலசப்பாக்கம்.

ஊரிலிருந்து கொண்டுபோன புளியை அக்காவுக்குக் கொடுத்தேன். கொட்டை எடுத்து, ஈரத்தோடு, மேடையின் பளபளப்பான கருப்புக் கல்லின் மேல் வைத்துவிட்டுப் படுத்துவிட்டேன். காலையில் புளியை எடுத்தபோது கீழே உள்ளங்கை அகலத்துக்குச் சாம்பல் நிறத் தழும்பு. தேய்த்தும் போகவில்லை. தடவினால் சொரசொரப்பு.

"புளி குடுத்துட்டு மேடைய வாங்கிக்கினு போறியா தம்பி?" என்று அக்கா கேட்டார். அன்றைக்கு எனக்கு இரண்டு இட்லி குறைவாக விழுந்ததாக என் குறிப்பு சொல்கிறது.

மன்னிப்புக் கேட்கும் சாக்கில் விளக்கம் சொன்னேன். கடப்பா கல் சுண்ணாம்புக் கல் வகை. புளிப்பு பட்டால் கரையும். மழைத் தண்ணீரும் அப்படித்தான், ஆனால் மிக மெல்லிய புளிப்பு. காற்றில் இருக்கும் கரியமில வாயு கொஞ்சம் அதில் சேர்கிறது. மண்ணுக்குள் இறங்கும்போது வேர்களும் மக்கும் இலைகளும் விடும் வாயு இன்னும் நிறையச் சேர்கிறது. அந்தத் தண்ணீர் பாறையின் வெடிப்புகளில் கசிந்து, ஆயிரக்கணக்கான வருடங்களில் மயிரிழையை விரலாக்கும், விரலை வாசலாக்கும், வாசலைக் குகையாக்கும். அதைக் கேட்டுக்கொண்டிருந்த மாமா, "அப்போ எங்க வூட்டுக்குக் கீழயும் வாசல் இருக்குதா?" என்று சிரித்தார். இருக்கலாம் என்றேன். யாரும் நம்பவில்லை. நானும் அன்றைக்குப் பெரிதாக நினைக்கவில்லை.

மெஸ்ஸின் பின்புறத்தில் மாமாவின் பெருமை ஒன்று இருந்தது. பாத்திரம் கழுவும் இடத்தை ஒட்டி, தட்டு மாதிரி லேசாகக் குழிந்த தரை. நடுவில் ஒரு சாண் அகலத்தில் ஓட்டை. எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் குடித்துவிடும். அந்தத் தெருவில் எல்லோர் வீட்டிலும் சாக்கடை தேங்கி நின்றது. இங்கே சொட்டு ஈரமில்லை. கூரையில் விழும் மழைநீரையும் குழாய் போட்டு அங்கேயே விட்டிருந்தார். வருகிறவர்களை எல்லாம் கூட்டிப்போய்க் காட்டுவார். ஒரு குடம் ஊற்றி, காது வைத்துக் கேட்கச் சொல்வார்.

மழைக்காலத்தில் ஓட்டை அகலமானால், ஒரு வண்டி செம்மண் கொட்டுவார். இரண்டு மாதத்தில் மண்ணும் போய்விடும். "இன்னா வயிறுடா இது" என்பார், மெச்சுதலாக.

பிரச்சினை என்னவென்றால், அந்த இடத்தில்தான் அக்காவின் புதிய சமையற்கட்டு வரப்போகிறது. பழையதில் ஒரே புகை. இரண்டு பேர் நின்றால் மூன்றாமவர் வெளியே நிற்க வேண்டும். பத்து வருடமாகக் கேட்டு, அந்த வருடம்தான் மாமா சம்மதித்திருந்தார். ஓட்டைக்கு அருகே செங்கல் மேடை கட்டி ஐயாயிரம் லிட்டர் தண்ணீர்த் தொட்டியும் வைத்தாகிவிட்டது. தை பிறந்ததும் பூஜை. மேலே மண் போட்டு, காங்கிரீட் போட்டுவிட்டால் தீர்ந்தது என்பது மாமாவின் கணக்கு.

தரை இறங்குகிறதோ என்று எனக்குச் சந்தேகம் வந்தது. என் சுபாவப்படி அளந்தேன். இரண்டு கம்பம் நட்டு, இடையே கயிறு கட்டி, கயிற்றிலிருந்து தரைவரை எட்டு இடங்களில் தினமும் அளவு எடுத்தேன். ஒரு மாதத்தில் இறங்கியது இரண்டு நூல், கால் அங்குலம். அவ்வளவுதான். ஆகவே அக்காவிடம், அவசரமில்லை, கோடைக்குள் பார்த்துக்கொள்ளலாம் என்று சொன்னேன். இன்றைக்கும் அந்தப் பக்கத்தைத் திருப்பினால் எனக்குக் காது சூடாகிறது. மேலே அளந்தவன் நான். வேலை நடந்தது கீழே.

அந்த மாதம் என் கிணறுகள் எல்லாவற்றிலும் தண்ணீர் வேகமாக இறங்கியது. குவாரிகளில் ஆழம் போகப் போக இரவு பகலாக மோட்டார் வைத்து இறைத்தார்கள். இதைக் கேட்டதும் டிரில்லர் சாப்பாட்டில் கை வைத்தபடி யோசித்தார். பாறைப் பொந்துகளில் நிரம்பி நிற்கும் தண்ணீர் மேலே இருக்கும் மண்ணையும் கொஞ்சம் தாங்கிக்கொண்டுதான் இருக்கும். அது இறங்கினால் அந்தத் தாங்கல் போய்விடும் என்றார். சாப்பிட்டு முடித்து, கைப்பிடி வைத்த நீளக் கம்பி ஒன்றை வண்டியிலிருந்து எடுத்து வந்தார்.

பலகை போட்டு, அதன் மேல் நின்று, ஓட்டையிலிருந்து ஐந்தடி தள்ளிக் கம்பியை அழுத்தினார். நான்கடி வரை செம்மண், முக்கி முக்கி இறங்கியது. பிறகு அவர் கை நழுவியது. கம்பி தானாகவே இன்னும் நான்கடி போய், கைப்பிடி தரையில் தட்டி நின்றது.

அவர் பலகையின் மேலேயே பின்னால் நகர்ந்து என்னிடம் வந்தார். "அண்ணே, கீழ ஒண்ணுமில்ல. மண்ணு வளைவு மாதிரி நிக்குது, அவ்ளோதான். அடியிலேருந்து கொட்டிக்கினே வருது."

அப்போதுதான் எனக்கு முழுதும் புரிந்தது. பாறையின் வாசல் என்றைக்கோ உண்டானது. மாமா ஊற்றிய தண்ணீர் அதன் மேல் கிடந்த மண்ணைத்தான் ஒவ்வொரு பிடியாக வாசலுக்குள் கொண்டுபோய்க்கொண்டிருந்தது. வெற்றிடம் அடியிலிருந்து மேலே ஏறி வந்தது. மேல்தரையோ கடைசி நாள் வரை ஒன்றும் தெரியாத மாதிரி நிற்கும். இருபதடி தூரத்துக்குச் சுற்றிலும் கயிறு கட்டி, யாரும் தாண்டக்கூடாது என்றேன். ஐந்து டன் தண்ணீர் அங்கே உட்கார்ந்திருக்கிறது, தொட்டியைக் காலி செய்ய வேண்டும் என்று மாமாவிடம் சொல்லிவிட்டு, தெருச் சாக்கடைக்கு விட நீளமான ஓஸ் கொண்டுவர வண்டிக்குப் போனேன்.

எங்கே காலி செய்ய வேண்டும் என்று நான் சொல்லவில்லை.

திரும்பி வந்தபோது மாமா கயிற்றுக்கு வெளியே, பழைய சமையற்கட்டின் சுவரில் இருந்த வால்வை முழுசாகத் திறந்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். சொன்ன வேலையைச் சட்டென்று முடித்த திருப்தி முகத்தில். அந்தக் குழாய் போய் முடிவது பாத்திரம் கழுவும் இடத்தில். தண்ணீர் முழுதும் நேராக ஓட்டைக்குள்.

"மூடுங்க மாமா" என்றேன். அவர் மூடுவதற்குள் ஓட்டை குடிப்பதை நிறுத்தியது. தட்டுக் குழியில் தண்ணீர் குளம் மாதிரி நின்றது. நாங்கள் நாலு பேரும் அதையே பார்த்தோம். நடுவில் ஒரு சுழி விழுந்தது. குளம் ஒரே மடக்கில் காணாமல் போனது. பிறகு பெருமூச்சு விட்ட மாதிரி ஒரு சத்தம். வட்டமாகப் பன்னிரண்டடித் தரை அப்படியே உட்கார்ந்தது. செங்கல் மேடை சாய்ந்தது. தொட்டி நிதானமாகத் தலைகீழாக உள்ளே போனது. பக்கத்தில் நின்ற முருங்கை மரம் மட்டும் விழவில்லை. நின்றவாக்கிலேயே ஒன்பதடி கீழே இறங்கி, உச்சிக் கொப்பு எங்கள் முழங்கால் உயரத்தில் ஆடியது.

 அக்காதான் மாமாவைப் பார்த்து ஆரம்பித்தார்.

"அடுப்ப அங்கதான வைக்கணும்னு சொன்ன?"

மாமா குழியைப் பார்த்தார், மரத்தைப் பார்த்தார். "இனிமே கீர பறிக்க ஏணி வேணாம்" என்றார்.

அக்கா சிரித்தார். அதற்குப் பிறகுதான் அழுதார். பத்து வருடம் கேட்ட சமையற்கட்டு குழியோடு போய்விட்டது என்று அவர் நினைத்தது முகத்தில் தெரிந்தது. மாமாவின் கை இன்னும் வால்வின் மேலேயே இருந்தது.

குழியின் அடியில், கழுவிவிட்ட மாதிரி பாறை தெரிந்தது. அதில் மூன்று அடி நீளத்துக்கு ஒரு வாய். ஓரமெல்லாம் நாக்கால் நக்கி வழவழப்பாக்கிய கற்கண்டு போல. அக்கா எட்ட நின்று பார்த்துவிட்டு, என் ரசத் தண்ணியும் சோப்புத் தண்ணியுமா இதைக் கரைத்தது என்று கேட்டார். இல்லை அக்கா, இதைக் கரைத்தவர்கள் நமக்கு ரொம்ப முன்னால் பெய்த மழைகள். நாம் மண்ணை மட்டும்தான் அனுப்பினோம் என்றேன். அதில் அவருக்குக் கொஞ்சம் ஆறுதல்.

மாமா வழக்கம்போல் செம்மண்ணுக்கு டிராக்டர் சொல்லப் போனார். டிரில்லர் தடுத்தார். மண் கொட்டினால் மறுபடி மண்தான் போகும். முதலில் அந்த வாயில் நுழையாத பெரிய கற்கள். அதன் மேல் சிறிய கற்கள், பிறகு ஜல்லி, பிறகு மணல், கடைசியில் களிமண்ணைத் திமிசுக் கட்டையால் இடித்து இறுக்க வேண்டும். ஒவ்வொரு அடுக்கும் தனக்கு மேலே இருப்பதைத் தாங்கிப் பிடிக்கும். நீர் கசிந்தாலும் மண் போகாது. குவாரிக் கழிவுக் கல் அந்த ஊரில் மலை மலையாகக் கிடந்தது. தொட்டியையும் மரத்தையும் வெளியே எடுத்தது சேர்த்து ஆறு நாள் வேலை. மாமாவே ஒவ்வொரு அடுக்காக என்னைக் கூப்பிட்டுக் காட்டி, சரியா என்று கேட்டுக்கொண்டார். கூரைத் தண்ணீரும் கழுவும் தண்ணீரும் தெருவுக்குத் திரும்பின. மாமாவும் எல்லோரையும் போலச் சாக்கடைக்காகப் பஞ்சாயத்துக்கு நடக்க ஆரம்பித்தார்.

அந்தக் குழியின் மேல் எதுவும் கட்டவில்லை. வீட்டுக்கு முன்புறம் பாறை மேலாகவே தெரிந்தது. தெரிகிற பாறையும் பொய் சொல்லலாம் என்று டிரில்லர் ஒரு ஞாயிற்றுக்கிழமை வண்டியைக் கொண்டுவந்து ஐந்து இடங்களில் இருபதடி துளைத்தார். ஐந்திலும் கல், ஓரிடத்திலும் கம்பி நழுவவில்லை. நான் எழுதிக்கொண்டேன். பூஜை தையில் நடக்கவில்லை, மாசியில் நடந்தது. நாலு பேர் தாராளமாக நிற்கலாம். புது மேடைக்குப் பழைய கல்லையே எடுத்துப் போட்டார்கள், புளித் தழும்போடு. அக்காதான் அது வேண்டும் என்றார்.

நான் மலைக்குத் திரும்பும்போது நிரப்பிய குழிக்கு இருபுறமும் மறுபடி நட்ட கம்பமும் கயிறும் அங்கேயே இருந்தன. கயிற்றில் எட்டு இடங்களில் குறி வைத்து, அளக்க அக்காவுக்குச் சொல்லிக் கொடுத்தேன். ஞாயிறு மதியம், மெஸ் கூட்டம் குறைந்ததும் போன் வரும். எட்டு அளவையும் சொல்வார். நான் இங்கே எழுதுவேன்.

போன வாரம் வரை ஒரே பதில்தான். "ஒரு நூலு கூட எறங்கல தம்பி. புளி எப்போ அனுப்பற?"

அனுப்பிவிட்டேன். பொட்டலத்தின் மேல், தட்டில் வைக்கவும் என்று எழுதியிருக்கிறேன்.