அட்டையின் பின்பக்கம்

முப்பத்தொரு வயதில் எனக்கு டிரெய்னி என்று பேர் கிடைத்தது. அதற்கு முன்னால் லாரியில் கிளீனர், சிவகாசியில் அச்சகத்தில் தாள் அடுக்குகிறவன், திருப்பூரில் பனியன் மடிக்கிறவன், பிறகு ராஜபாளையம் பக்கத்து மில் ஒன்றின் வாசலில் நான்கு மாதம் பதிலி, அதாவது வராத ஆளுக்குப் பதிலாகக் கூப்பிடுவார்களா என்று நிற்கிறவன். ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவனுக்கு இதற்கு மேல் என்ன வரும்? எந்த வேலையிலும் எட்டு மாதத்துக்கு மேல் இருந்ததில்லை. துரத்தியது பாதி, நானாகக் கிளம்பியது பாதி.

தொண்ணூறுகள் முடிகிற சமயம். ராஜபாளையத்தில் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் மாடியில் ஒரு கம்ப்யூட்டர் ஆபீஸ். மேஜை இறக்கப் போன தட்டுவண்டியோடு நானும் போயிருந்தேன். உள்ளே ஒரு அம்மாவும் ஒரு பையனும், மில்லில் பதிலிகளை எப்படிக் கூப்பிடுகிறார்கள் என்று வாக்குவாதம் செய்துகொண்டிருந்தார்கள். மேஜையை இறக்கி வைத்துவிட்டு, "அப்படி இல்லைங்க" என்று நான் சொன்னேன். எப்படி என்று சொல்ல அரைமணி நேரம் ஆயிற்று. வண்டிக்காரர் கீழேயிருந்து திட்டிக்கொண்டே போய்விட்டார்.

அந்த அம்மாவை எல்லோரும் மேடம் என்றார்கள். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவார். அமெரிக்காவில் மூன்று வருடம் சாப்ட்வேர் வேலை பார்த்துத் திரும்பியவர். நூல் மில்களுக்கு விற்க ஒரே சாப்ட்வேர் தயாரிக்க வேண்டும், ஒரு மில்லில் ஓடினால் நாலு மில்லில் ஓடும் என்பது அவர் கணக்கு. அதில் என்னென்ன இருக்க வேண்டும் என்று முடிவு செய்வது அவர் வேலை. அந்த வேலைக்குத்தான் என்னை டிரெய்னியாகச் சேர்த்தார், மூன்று மாதத்துக்கு.

"யாரு வந்தா, யாரு வரலன்னு பதியற டைம் ஆபீஸ் பகுதிய நீங்க எழுதணும். மில்லுல அத ஏத்துக்கிட்டாங்கன்னா நீங்க இங்க இருக்கலாம். இல்லன்னா உங்கள வச்சுக்க எங்கிட்ட காரணம் இல்ல" என்றார். நேராகப் பேசுகிறவர். எனக்கு அது பிடித்திருந்தது.

எழுத வேண்டியது கெட்டி அட்டைகளில். உள்ளங்கையை விடக் கொஞ்சம் பெரியது. முன்பக்கம் ஒரு கதை: யாருக்கு வேண்டும், என்ன வேண்டும், எதற்காக வேண்டும். பின்பக்கம், அது முடிந்துவிட்டது என்று எதை வைத்து ஒத்துக்கொள்வோம் என்ற நிபந்தனைகள். அட்டையை புரோகிராம் எழுதுகிறவனிடம் கொடுத்து உட்கார்ந்து பேச வேண்டும். அவன் கேட்டுவிட்டு, எத்தனை நாள் ஆகும் என்று மூலையில் எழுதுவான். ரொம்ப நாள் என்றால் அட்டையைப் பிரித்து இரண்டாக்க வேண்டும்.

புரோகிராம் எழுதுகிறவன், அன்று மேடத்தோடு வாக்குவாதம் செய்த அந்தப் பையன்தான். செட்டியார்பட்டிக்காரன். இருபத்துமூன்று வயது. என்னை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவான், ஆனால் என் அட்டைகளுக்கு எந்த மரியாதையும் தரமாட்டான்.

முதல் அட்டையில், 'வருகைப்பதிவு நல்லபடியாக நடக்க வேண்டும்' என்று எழுதினேன்.

"அண்ணாச்சி, இது கோயில்ல வேண்டிக்கிடுத மாதிரி இருக்கு. மூலையில எம்புட்டு நாளுன்னு எழுத? ஆயுசு பூராவுமா?"

இரண்டாவதில், 'சிவப்பு பட்டனை அமுக்கினால் பதிலி பெயர் வர வேண்டும்' என்று எழுதினேன்.

"பட்டன் செவப்பா பச்சையான்னு நான் பாத்துக்கிடுதேன். டைம் கீப்பருக்கு என்ன ஆகணும், எதுக்கு ஆகணும், அத மட்டும் சொல்லுங்க."

மூன்றாவதன் பின்பக்கம், 'சீக்கிரம் வர வேண்டும்' என்றிருந்தது. "எது சீக்கிரம்? எங்க ஊர் பஸ்ஸும் சீக்கிரம்னுதான் சொல்லுதான்."

பதினோரு அட்டை கிழிந்தது. கிழித்தவன் அவன் இல்லை, நான்தான். லாரிக்கு அடியில் படுத்துப் போல்ட்டு முடுக்கியிருக்கிறேன், கை வலிக்கும், அவ்வளவுதான். நாலு வரி எழுதுவது அதைவிடக் கஷ்டம் என்று அப்போதுதான் தெரிந்தது. பன்னிரண்டாவது அட்டையை அவன் இரண்டு தரம் படித்தான்.

முன்பக்கம்: 'டைம் கீப்பருக்கு, இன்று எந்தெந்தப் பிரிவில் ஆள் வரவில்லை, அடுத்து எந்தப் பதிலியைக் கூப்பிட வேண்டும் என்று தெரிய வேண்டும். மிஷின் நிற்காமலும், யாருடைய முறையும் தவறாமலும் இருப்பதற்காக.'

பின்பக்கம் மூன்று நிபந்தனைகள். சங்கு ஊதிப் பத்து நிமிடம் கழித்து டைம் கீப்பர் பதிவை மூடியதும், ஒரு நிமிடத்துக்குள் ஆள் வராத இடங்களின் பட்டியல் வர வேண்டும். நேற்று வந்து வேலை இல்லாமல் திரும்பியவர்கள் இன்று பட்டியலின் தலையில் இருக்க வேண்டும். வேலைக்குக் கூப்பிடப்பட்டவரின் பெயர் கடைசிக்குப் போக வேண்டும்.

பையன் மூலையில் நான்கு என்று எழுதினான். எழுதிவிட்டு, "கூப்பிட்டு அவன் வேண்டாம்னு சொன்னா?" என்று கேட்டான்.

எனக்குச் சிரிப்பு வந்தது. "மில்லு வாசல்ல நின்னவன் எவம்டே வேலைய வேண்டாம்பான்?"

"அப்பச் சரி" என்று அட்டையைச் சுவரில் குத்தினான்.

மில் ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவில் இருந்தது. டைம் ஆபீஸில் ஒரு கம்ப்யூட்டரை வைத்து, ஒரு வாரம் டைம் கீப்பரின் நோட்டும் எங்கள் சாப்ட்வேரும் பக்கத்தில் பக்கத்தில் ஓட வேண்டும் என்று ஏற்பாடு. காலை ஷிப்டுக்கு நானும் போய் நிற்பேன். முன்னே நின்ற அதே வாசல். இந்தத் தடவை சட்டையை உள்ளே விட்டுக்கொண்டு உள்பக்கம் நின்றேன்.

மூன்றாம் நாள் டைம் கீப்பர் திரையைப் பார்த்து முதல் பெயரைக் கூப்பிட்டார். வன்னியம்பட்டியிலிருந்து சைக்கிளில் வருகிறவர், நாற்பது வயதிருக்கும், நூல் நூற்கிற ஸ்பின்னிங் பிரிவில் பழகியவர். அன்றைக்குக் காலியாக இருந்தது புளோரூம் மட்டும். பஞ்சைப் பிரித்துப் போடுகிற இடம், ஒரே தூசி. அவர் தலையை ஆட்டிவிட்டு, "நெஞ்சு தாங்காது சார், நாளைக்கு வாரேன்" என்று சைக்கிளை எடுத்தார். டைம் கீப்பரும் அது வழக்கம்தான் என்பதுபோல அடுத்த பெயருக்குப் போனார். நான் அதைப் பார்த்தேன். பார்த்தும் உறைக்கவில்லை.

மறுநாள் ஸ்பின்னிங்கில் இரண்டு இடம் காலி. திரையில் வன்னியம்பட்டிக்காரர் பெயர் கடைசியில் இருந்தது.

"என்ன சார், எம் மொறைதானே?" என்று ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

"எனக்கென்னய்யா தெரியும், பொட்டி இப்படிக் காட்டுது" என்றார் டைம் கீப்பர்.

"பொட்டியா எனக்கு மொற வச்சுது? நீங்கதானே நோட்டுல எழுதுதீக."

பின்னால் ஒருத்தன், "அண்ணே, பொட்டிக்கு ஒரு டீ வாங்கிக் குடுங்க, பேர மேல ஏத்திரும்" என்றான். வாசலே சிரித்தது. அவர் மட்டும் சிரிக்கவில்லை. நான்கு நாளாக வேலை இல்லாதவர் முகம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

நான் டைம் கீப்பரிடம் போய், "நோட்டுல யாரு மொதல்ல?" என்றேன்.

"இவருதான். வேற பிரிவுக்குக் கூப்பிட்டு வேண்டாம்னா மொற போகாதுலா."

"அப்ப நோட்டுப்படியே விடுங்க. தப்பு பொட்டியில இல்ல. எழுதினவன் நான்."

வன்னியம்பட்டிக்காரர் உள்ளே போனார். சட்டையைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு, திரும்பிக்கூடப் பார்க்காமல் போனார்.

ராஜபாளையம் திரும்புகிற பஸ்ஸிலிருந்து நடுவில் இறங்கி எங்காவது போய்விடலாமா என்று தோன்றியது. எனக்கு அது பழகின வழி. ஆனால் ஒரு கேள்வி குடைந்துகொண்டே இருந்தது. நான்கு மாதம் அதே வாசலில் நின்றவனுக்கு இது எப்படித் தெரியாமல் போயிற்று? நினைத்துப் பார்த்தால் பதில் லேசானது. நான் எதையும் வேண்டாம் என்றதே இல்லை. புளோரூம் என்றால் புளோரூம், கக்கூஸ் கழுவு என்றால் அதுவும். தனி ஆள், ஒரு வாரத்தில் வேறு ஊர். அங்கேயே இருபது வருடம் நெஞ்சைக் காப்பாற்றி வேலை பார்க்க வேண்டியவனுக்குத்தான் வேண்டாம் என்று சொல்ல ஒரு உரிமை தேவைப்படும். அட்டையில் பதிலி என்று நான் எழுதியது என்னைத்தான்.

ஆபீஸில் நடந்ததை அப்படியே சொன்னேன். பையன் அட்டையைச் சுவரிலிருந்து எடுத்துப் பின்பக்கத்தைக் காட்டினான். "கூப்பிட்டா கடைசிக்குப் போகணும். நீங்க எழுதுனது. நான் கேட்டேன்லா?"

"கேட்டே. நாந்தான் சிரிச்சேன்."

இதைச் சொன்னதும் அவனுக்குக் கோபம் போய்விட்டது. மேடம், "எத்தன நாள் வேணும்?" என்றார். எனக்கு இரண்டு நாள், அவனுக்கு இரண்டு நாள் என்றேன். அவன் மறுக்கவில்லை.

அந்த இரண்டு நாளும் மூன்று ஷிப்டு ஆட்களையும் டீக்கடையில் பிடித்துக் கேட்டேன். நீ எப்ப வேண்டாம்னு சொல்லுவே? சொன்னா என்ன ஆகும்? எப்போதாவது முறை தவறிச் சண்டை வந்ததா? மம்சாபுரத்திலிருந்து வருகிற ஒரு அக்கா, "இதையெல்லாம் இதுவரைக்கும் ஒருத்தரும் கேட்டதில்லையே, நீ எதுக்குக் கேக்கே, யூனியனா?" என்றார். அட்டை எழுதத்தான் என்றால் நம்பவில்லை. ஆனாலும் சொன்னார்.

புதிதாக ஒரு அட்டை எழுதினேன். பழையதைத் திருத்தவில்லை, இது தனிக் கதை: 'பதிலிக்கு, தன் பிரிவு இல்லாத வேலையை மறுத்தாலும் தன் முறை நிலைக்க வேண்டும்.' பின்பக்கம் எல்லாம் உதாரணங்கள். ஸ்பின்னிங் ஆளைப் புளோரூமுக்குக் கூப்பிட்டு அவர் மறுத்தால், நாளைக்கும் அவர் இருந்த இடத்திலேயே. ஸ்பின்னிங் ஆளை ஸ்பின்னிங்குக்கே கூப்பிட்டு மறுத்தால், கடைசிக்கு. கூப்பிடும்போது ஆளே இல்லையென்றால், அதுவும் கடைசிக்கு. எல்லோரும் மறுத்துவிட்டால், இடம் காலி என்று சூப்பர்வைசருக்குக் காட்ட வேண்டும், யார் முறையும் மாறக்கூடாது.

பையன் கடைசி வரியைப் படித்துவிட்டு, "எல்லாரும் மறுப்பாங்களா?" என்றான்.

"ரெண்டு வருசத்துக்கு முன்ன ஒரு நாள் மறுத்திருக்காங்க. புளோரூம்ல தீப்பிடிச்ச மறுநாளு."

அவன் மூலையில் இரண்டு என்று எழுதினான்.

அதற்கு அடுத்த வாரம் ஆறு நாளும் நோட்டும் திரையும் ஒரே மாதிரி ஓடின. சனிக்கிழமை டைம் கீப்பர் அட்டையின் பின்பக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு உதாரணத்தையும் தானே பெயர் போட்டு ஓட்டிப் பார்த்தார். வேண்டுமென்றே தப்பாகவும் போட்டுப் பார்த்தார். சாப்ட்வேர் எங்கும் மாட்டிக்கொள்ளவில்லை. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் டிக் அடித்தார். கடைசியில் கையெழுத்துப் போடும் முன், "இத எழுதினது யாரு, அந்தப் படிச்ச அம்மாவா?" என்றார்.

"இல்ல சார், நான்" என்றேன்.

என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீ இங்கன வாசல்ல நின்ன பையன்லா?" என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

அன்றைக்கே மேடம் வேலையை உறுதி செய்தார். அதைவிட எனக்கு ஒன்று பெரிதாக இருந்தது. திங்கட்கிழமை செட்டியார்பட்டிப் பையன், மேடம் எழுதிய ஒரு அட்டையை எடுத்துக்கொண்டு என் மேஜைக்கு வந்தான். "அண்ணாச்சி, இதோட பின்பக்கத்த ஒருக்கா பாருங்க. நீங்க பாக்காம ஆரம்பிக்க மாட்டேன்" என்றான். மேடத்துக்குக் கேட்கும்படியாகத்தான் சொன்னான். நான் நாற்காலியை இழுத்துப் போட்டு, பின்பக்கத்தை வரிவரியாகப் படித்துவிட்டு, முதல் கேள்வியைக் கேட்டேன்.