போன வருடத்து மார்க்

பிளஸ் டூ பரீட்சையில் வேதியியல் நடந்த அன்று அவளுக்கு அம்மை போட்டிருந்தது. அடுத்த வீடு, ஒரே வகுப்பு, ஒரே பஸ் என்று என்னோடு கூடவே வளர்ந்தவள். தனி பெஞ்சில் உட்காரவைத்தார்கள். ஒரு மணி நேரம் எழுதினாள், அப்புறம் தலை நிற்கவில்லை. பாதித் தாளைக் கொடுத்துவிட்டு வெளியே வந்தவளை அவள் அப்பா ரிக்‌ஷாவில் ஏற்றி அழைத்துப்போனார்.

அடுத்து இன்ஜினியரிங் என்ட்ரன்ஸ். ஆரணியில் எங்கள் தெருவிலிருந்து எழுதிய பெண்கள் நாங்கள் இரண்டு பேர்தான். பிளஸ் டூ ரிசல்ட் வராமலே எழுதலாம். அந்த வருடம் பரீட்சை எழுதிய பதிவெண்ணை விண்ணப்பத்தில் போட்டால் போதும். அதற்குள் அவளுக்கு உடம்பு தேறியிருந்தது. வேலூருக்குப் போய் எழுதிவிட்டு வந்தோம்.

மே மாதம் ரிசல்ட் வந்தது. நான் பாஸ். அவள் வேதியியலில் ஃபெயில். பின்னாலேயே தபாலில் என்ட்ரன்ஸ் மார்க் வந்தது. அவளுக்கு என்னைவிடப் பதினோரு மார்க் அதிகம். எனக்கு வயிறு எரிந்தது, அதை மறைக்க நான் இன்றைக்கும் தயாரில்லை. அவ்வளவு மார்க் இருந்தும் பிளஸ் டூ தேறாமல் கவுன்சிலிங் கிடையாது. நான் சென்னையில் இன்ஜினியரிங் சேர்ந்தேன். அவள் தறியில் உட்கார்ந்தாள். அக்டோபரில் வேதியியலை மட்டும் எழுதி நல்ல மார்க்கில் பாஸ் செய்தாள்.

அவள் அப்பா அந்த என்ட்ரன்ஸ் மார்க் தாளை பஜாரில் லேமினேஷன் போட்டு வைத்திருந்தார். பொங்கல் லீவில் நான் போனபோது எடுத்துக் காட்டினார்.

"தறியில பாதி நெய்ஞ்ச பொடவைய வுட்டுட்டுப் போனா அது எங்கம்மா போவும்? வந்து நின்ன எடத்துலருந்து நெய்ய வேண்டியதுதான். இதுவும் அப்டித்தான். பாக்கி இருந்தது ஒரு கெமிஸ்ட்ரி. அதையும் முடிச்சிட்டா."

அவளுக்கு மட்டும் சந்தேகம். பிப்ரவரியில் எனக்கு இன்லண்ட் கடிதம் போட்டாள். "என்ட்ரன்ஸ் விண்ணப்பம் விற்கிறார்களாம். மறுபடி எழுத வேண்டுமா? உன் காலேஜில் யாரையாவது கேட்டுச் சொல்."

நான் யாரையும் கேட்கவில்லை. கேட்க ஆளா இல்லை? விடுதியில் என் பக்கத்துக் கட்டிலில் இருந்தவளே ஒரு வருடம் வீட்டில் இருந்துவிட்டு, இரண்டாம் முறை எழுதி வந்தவள்தான். வாயைத் திறந்து ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ஆனால் எனக்கு எல்லாம் தெரியும் என்ற திமிர். "அதான் மார்க் இருக்கிறதே, எதற்கு வீண் வேலை? ஜூனில் நேராகக் கவுன்சிலிங்குக்குப் போடு" என்று எழுதி அனுப்பினேன்.

ஜூனில் நானும் அவளோடு வேலூர் போனேன். கவுன்சிலிங் விண்ணப்பம் விற்ற கல்லூரியில் ஜன்னலுக்குப் பின்னால் இருந்தவர் லேமினேஷன் தாளைத் திருப்பிப் பார்த்தார்.

"இது போன வருஷத்து மார்க்கும்மா. அந்த வருஷத்தோட சரி. இந்த வருஷ என்ட்ரன்ஸ் எழுதனியா?"

"இல்லீங்க."

"அப்ப இந்த வருஷம் ரேங்க் வராதேம்மா. அடுத்த வருஷம் எழுது. நீதான் பாஸ் பண்ணிட்டியே, நடுவுல படிக்காம இருந்தது ஒண்ணும் தடையில்ல."

நல்ல மனிதர், ஆறுதலாகத்தான் சொன்னார். ஆனால் அவளுக்கு அடுத்த வருடம் என்று ஒன்று கிடையாது, எனக்கும் அது தெரியும். பெரணமல்லூரிலிருந்து பெண் கேட்டுக்கொண்டிருந்தார்கள். சீட் கிடைத்தால் படிப்பு, இல்லாவிட்டால் தை மாதம் கல்யாணம் என்று அவள் அம்மா முடிவாகச் சொல்லியிருந்தார்.

வீட்டுக்குள் நுழைந்ததும் அவள் அப்பா எழுந்து வந்தார். விஷயத்தைச் சொன்னாள். அவருக்குப் புரிய நேரமாயிற்று. புரிந்ததும் அவளைத் திட்டவில்லை, என்னைப் பார்த்தார்.

"நீ அங்கியே படிச்சிகினு இருக்கியேம்மா. நீயாவது ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா?"

"என்னைக் கேக்கவே இல்லயே, பெரிப்பா. கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே."

அப்படியே சொன்னேன். நாக்கு கூசவில்லை. நான் எழுதிய கடிதம் உள்ளே அவள் டிரங்குப் பெட்டியில் இருந்தது. போய் எடுத்துவந்து அவர் கையில் கொடுக்க இரண்டு நிமிடம் ஆகாது.

அவள் உள்ளே போகவில்லை.

"ஆமாப்பா, நான்தான் கேக்கல" என்றாள்.