விஸ்வேஸ்வரனைவிட மேலான ஆள்

மட்டாஞ்சேரியில் விஸ்வேஸ்வரனைப் போல வேலை தெரிந்தவர்கள் உண்டு. அவரைப் போலத் தற்பெருமை பேச ஆள் கிடையாது. மழைநீர்க் கால்வாய் கட்டும் வேலைக்கு அவர்தான் சைட் மேனேஜர். சாயாக்கடையில் உட்கார்ந்து, தான் கட்டிய பாலத்தையும் ஓட்டலையும் பற்றி ஆரம்பித்தால், பக்கத்தில் இருப்பவர் பாதிச் சாயாவோடு எழுந்து போய்விடுவார்.

2003இல் அவருக்கு மஸ்கட்டில் வேலை கிடைத்தது. மனைவி அம்பிளி அங்கே நர்ஸ். கல்யாணமான நாளிலிருந்து இருவரும் சேர்ந்திருந்தது அவளுடைய லீவில் மட்டும்தான். மாதக் கடைசிக்குள் போய்ச் சேராவிட்டால் அந்த வேலை வேறு ஆளுக்கு.

ஆனால் அவர் பெயர் கால்வாய் ஒப்பந்தத்திலேயே எழுதப்பட்டிருந்தது. அவரை மாற்ற வேண்டுமென்றால் மேற்பார்வைப் பொறியாளர் எழுத்தில் சம்மதிக்க வேண்டும். வருகிறவர் படிப்பிலும் அனுபவத்திலும் சமமாகவோ மேலாகவோ இருக்க வேண்டும்.

"உன் அசிஸ்டென்ட் ஸ்வர்ணலதாவைப் போடலாம். ரெண்டு பேரையும் ஒப்பிட்டு லெட்டரை நீயே எழுது, நான் ஒப்பு போடறேன்" என்றார் காண்ட்ராக்டர் கபீர்.

வினை அங்கேதான் வந்தது. விஸ்வேஸ்வரன் தன் பக்கத்தில் பட்டம், பாலம், ஓட்டல், மந்திரி கைகுலுக்கியது வரை எழுதித் தள்ளினார். ஸ்வர்ணலதாவுக்கு இரண்டே வரி. கபீர் படிக்காமலே கையெழுத்துப் போட்டார். லெட்டர் திரும்பி வந்தது: "முன்மொழியப்பட்டவர் தற்போதையவருக்குச் சமமானவராகத் தெரியவில்லை."

மனிதருக்கு முதலில் உச்சி குளிர்ந்தது. பிறகுதான் மஸ்கட் நினைவுக்கு வந்தது.

போனில் விஷயத்தைக் கேட்ட அம்பிளி சிரித்தாள். அப்புறம் கேட்டாள்: "உங்களுக்கு உங்க பெருமை வேணுமா, நான் வேணுமா?"

அன்றே ஸ்வர்ணலதாவைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். கேட்கக் கேட்க அவருக்கே வியப்பு. அவள் டிப்ளமோ முடித்து, வேலை பார்த்துக்கொண்டே ஏ.எம்.ஐ.இ. தேர்வும் எழுதித் தேறியிருந்தாள். அது பட்டத்துக்குச் சமம். பதினோரு வருஷ அனுபவமும் கால்வாயில்தான். ஒப்பந்தம் கேட்டதும் அதைத்தானே! அவருடைய அனுபவத்தில் பாதிக்கு மேல் கட்டடம். பழைய லெட்டரை எடுத்து அதில் ஓட்டலை அடித்தார். மந்திரியையும் அடித்தார், அது கொஞ்சம் வலித்தது.

"சாரே, பாலம் இருக்கட்டுமே" என்றாள் ஸ்வர்ணலதா பாவப்பட்டு.

"வேண்டாம் மோளே, அதுவும் போகட்டும். கால்வாய்க்கு அது எதுக்கு?"

அவளுடைய சான்றிதழ்களோடும் சம்மதக் கையெழுத்தோடும் லெட்டர் மறுபடி போனது. பதில் வந்த அன்று கபீர் அதை சைட்டிலேயே உரக்கப் படித்தார்: "கால்வாய்ப் பணி அனுபவத்தில் தற்போதையவரைவிட மேலானவர். பொறுப்பை முறையாக ஒப்படைத்தபின் மாற்றலாம்."

எல்லோரும் விஸ்வேஸ்வரன் முகத்தைப் பார்த்தார்கள். அவர்தான் முதலில் கைதட்டினார். பிறகு மொத்தப் பேருக்கும் சாயாவும் பழம்பொரியும் வாங்கிக்கொடுத்து, "என்னைவிட மேலான ஆள்!" என்று போவோர் வருவோரிடமெல்லாம் ஸ்வர்ணலதாவைக் காட்டினார்.

சாயங்காலம் டெலிபோன் பூத்துக்கு ஓடினார். ஊரையே பேசி ஓட்டிய மனிதருக்கு, "அம்பிளி, நான் வரேன்" என்பதற்கு மேல் ஒரு சொல்லும் வரவில்லை.